மின்சாரம் நின்றும் தகட்டை விடாத மின்காந்தம்: ஓர் உள்ளகத் தேர்வின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எஃகுத் தகடுகளில் துளையிட்டு, மடித்து, சிறு பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் நடந்தது இது. அங்கே அச்சு இயந்திரத்துக்கு முன்னால் சிறிய ஜிக் ஒன்று இருந்தது. அடுக்கி வைத்த தகடுகளில் மேலிருப்பதை மட்டும் ஒரு மின்காந்தம் தூக்கும், கை பக்கவாட்டில் நகரும், மின்சாரம் நிற்கும், தகடு தட்டில் விழும். தகடு ஒவ்வொன்றும் 60 × 30 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிமன். எடை சுமார் 42 கிராம், அதாவது 0.4 நியூட்டனுக்குச் சற்று மேல்.

மின்காந்தம் மிக எளிமையானது. 14 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியை U வடிவில் வளைத்து உள்ளகமாக்கி, அதன் இரு கால்களிலும் சேர்த்து 600 சுற்று கம்பிச்சுருள் போட்டிருந்தார்கள். 0.8 ஆம்பியர் நேர்மின்னோட்டம். U-வின் காந்தப் பாதை நீளம் சுமார் 200 மில்லிமீட்டர், இரண்டு முகங்களின் மொத்தப் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர்.

பல ஆண்டு ஓடியதில் முகங்கள் தேய்ந்து சாய்ந்துவிட்டன. தேய்மானம்தான் பிரச்சினை என்று நினைத்த பராமரிப்புப் பிரிவு, "இந்தத் தடவை நல்ல கெட்டியான ஸ்டீலாகப் போடலாம்" என்று முடிவு செய்து, கிடங்கில் இருந்த நடுத்தரக் கார்பன் எஃகுக் கம்பியில் புதிய U செய்தது. 0.4 விழுக்காடு அளவுக்குக் கார்பன் உள்ள, தண்டுகள் கடைவதற்கான எஃகு அது. பழைய உள்ளகம் என்ன பொருள் என்று வரைபடத்தில் எழுதியிருக்கவில்லை. "இரும்பு" என்று மட்டும் இருந்தது.

காணப்பட்டவை

புதிய மின்காந்தம் பழையதைப் போலவே தூக்கியது. விடத்தான் இல்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் தகடு முகத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் ஒரு மரக்குச்சியால் தட்டிவிட்டுத்தான் வேலையை ஓட்டினார். "சார், கரண்ட் போனாலும் இது பிடியை விடமாட்டேங்குது" என்றார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் காரணம் எங்கே என்பதில் கருத்துகள் பல.

முதல் சந்தேகம் மின்சுற்றின் மேல் விழுந்தது. சுருளுக்குக் குறுக்கே டையோடு இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் மின்னோட்டம் சிறிது நேரம் அந்த டையோடு வழியே சுற்றிக்கொண்டிருக்கும். தாமதமாக விடுவதற்கு இது நியாயமான காரணம். ஆனால் அந்த நேரம் இவ்வளவு சிறிய சுருளில் மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். இங்கே தகடு மணிக்கணக்கில் ஒட்டியிருந்தது. சுருளின் இரு முனைகளையும் கழற்றிப் போட்ட பிறகும் ஒட்டியிருந்தது. அதோடு மின்சுற்றின் மேலிருந்த சந்தேகம் தீர்ந்தது.

ஒரு ஸ்பிரிங் தராசைத் தகட்டில் மாட்டி மெதுவாக இழுத்துப் பார்த்தார்கள். மின்சாரம் இல்லாத நிலையில் தகட்டைப் பிரிக்க, தகட்டின் எடையைப் போலப் பல பத்து மடங்கு விசை தேவைப்பட்டது. இன்னொன்றும் தெரியவந்தது. தட்டில் விழுந்த தகடுகளும் ஒன்றோடொன்று லேசாக ஒட்டின. அவையும் கொஞ்சம் காந்தமாகியிருந்தன.

எவ்வளவு காந்தம் மிச்சமிருந்தால் தகடு விழாது என்பதை இங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். ஏனென்றால் பின்னால் எடுத்த எல்லா முடிவும் இந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான் நடந்தது. முகத்துக்கும் தகட்டுக்கும் இடையிலான ஈர்ப்பு விசை

F = B²A / 2μ₀

B என்பது முகத்தில் உள்ள காந்தப்புலம், A முகப்பரப்பு, μ₀ வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன். B ஒரு டெஸ்லாவாக இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 40 நியூட்டன் கிடைக்கும். இங்கே A 3 சதுர சென்டிமீட்டர். 0.42 நியூட்டன் எடையைத் தாங்க B எவ்வளவு வேண்டும் என்று திருப்பிப் போட்டால் வருவது வெறும் 0.06 டெஸ்லா. விசை B-யின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், தூக்கும்போது இருக்கும் புலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு மிச்சமிருந்தாலே தகடு தொங்கிவிடும். தகடுகளில் எண்ணெய்ப் பூச்சு வேறு உண்டு, அதன் ஒட்டும் இருக்கிறது. ஆகவே மிச்சப்புலம் 0.06-க்கு நன்றாகக் கீழே, 0.03 டெஸ்லா அருகில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தோம்.

முதலில் வந்த யோசனைகள்

பொருளை மாற்ற வேண்டும் என்றதும் ஒருவர் கேட்டது: "காந்தமே பிடிக்காத பொருளில் உள்ளகம் போட்டால் என்ன? செம்பு, அலுமினியம் மாதிரி?" சிரிக்கத் தோன்றினாலும் கேள்வியில் பாதி சரி. செம்பு ஒரு டயாகாந்தப் பொருள். சுருளின் புலத்துக்குள் வைத்தால் அந்தப் புலத்தை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும். அலுமினியம் பாராகாந்தப் பொருள், லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்குக் கூட்டும். இரண்டிலுமே வெளிப்புலம் போனதும் எதுவும் மிஞ்சாது. மிச்சம் விடாது என்ற வரை அவர் சொன்னது உண்மை. ஆனால் மிச்சம் விடாததற்கும் தூக்காததற்கும் காரணம் ஒன்றேதான். இந்த இரு வகையிலும் ஒவ்வோர் அணுவும் தனித்தனியாகத்தான் புலத்துக்கு எதிர்வினை காட்டுகிறது. இரும்பு போன்ற ஃபெர்ரோகாந்தப் பொருளில் கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே திசையில் அணிவகுத்த பகுதிகளாக, டொமைன்களாக, ஏற்கனவே நிற்கின்றன. வெளிப்புலம் அந்தப் பகுதிகளின் எல்லைச்சுவர்களை நகர்த்தினால் போதும், புலம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகிவிடும். சுவர் நகர்ந்த இடத்திலிருந்து தானாகத் திரும்பி வராவிட்டால் அதுதான் மிச்சக் காந்தம். ஆக, ஃபெர்ரோகாந்தப் பொருளை விட்டு வெளியே போக வழியில்லை. அதற்குள்ளேயே சுவர்கள் எளிதில் நகரும் பொருளைத் தேட வேண்டும்.

இரண்டாவது யோசனை, உள்ளகத்தைச் சூடாக்கிக் காந்தத்தைப் போக்குவது. இரும்பு 770 டிகிரி செல்சியசுக்கு மேல் ஃபெர்ரோகாந்தத் தன்மையை இழந்துவிடும் என்பது சரி. ஆறியதும் காந்தம் நீங்கியும் இருக்கும். ஆனால் அடுத்த முறை சுவிட்சைப் போட்டதும் மறுபடி அதே கதை.

மூன்றாவதுதான் செய்து பார்க்கப்பட்டது. காந்தம் ஒட்டாத மெல்லிய தகடு ஒன்றை, ஷிம்மை, முகங்களில் வைத்து நிரந்தரமாக ஒரு சிறு இடைவெளி உண்டாக்குவது. ரிலேக்களிலும் சோலினாய்டுகளிலும் காலங்காலமாகச் செய்வதுதான். 0.2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (304 ரகம்) தகட்டிலிருந்து வெட்டி முகங்களில் ஒட்டினார்கள். பலன் மிகக் குறைவு.

ஷிம் ஏன் ஏமாற்றியது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரும்பங்கு இரும்புதான். ஆனாலும் குரோமியமும் நிக்கலும் சேர்ந்து அதன் படிக அமைப்பை மாற்றிவிடுவதால் அது பாராகாந்தப் பொருளாக இருக்கிறது. காந்தத்தை வைத்தால் ஒட்டாது என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். ஆனால் அந்த அமைப்பு குளிர்நிலையில் உருட்டினாலோ வளைத்தாலோ வெட்டி நசுக்கினாலோ ஓரளவு மாறி, காந்தத்தை ஈர்க்கும் அமைப்பாகிவிடும். மெல்லிய ஷிம் தகடு என்றாலே குளிர்நிலையில் பலமுறை உருட்டப்பட்டது என்றுதான் அர்த்தம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு சிறிய நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஷிம்மை அருகில் கொண்டுபோனோம். நூல் தெளிவாகச் சாய்ந்தது, வெட்டிய ஓரங்களில் இன்னும் அதிகமாக. அதே ரகத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனான துண்டு ஒன்று கிடந்தது. அதன் நடுப்பகுதியில் நூல் அசையவில்லை, ரம்பத்தில் அறுத்த விளிம்பில் மட்டும் லேசான இழுப்பு. பித்தளைத் தகட்டில் எங்கே வைத்தும் ஒன்றுமில்லை. அன்றே ஷிம் பித்தளைக்கு மாறியது.

பித்தளை ஷிம் போட்ட பிறகு ஹால் உணரியால் முகத்தில் மிச்சப்புலத்தை அளந்தோம். 0.3 டெஸ்லா சுற்றி வந்தது. விசையில் சொன்னால் 10 நியூட்டன், தகட்டின் எடையைப் போல 25 மடங்கு. ஷிம் சரியாக வேலை செய்தும் இவ்வளவு மிச்சம். இனிமேல் உள்ளகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தயக்கக் கண்ணியை வரைந்தது

கிடங்கில் தேனிரும்புக் கட்டை ஒன்று இருந்தது. கார்பன் மிகக் குறைவான, தூய்மையான இரும்பு. எஃகுக் கம்பியிலிருந்தும் இந்தத் தேனிரும்பிலிருந்தும் ஒரே அளவில் இரண்டு வளையங்கள் கடைந்தோம். சராசரி விட்டம் 50 மில்லிமீட்டர், குறுக்குவெட்டு 5 × 5 மில்லிமீட்டர். தேனிரும்பு வளையத்தை மட்டும் கடைந்த பிறகு அனீல் செய்தோம். மூடிய பெட்டியில் 850 டிகிரி அருகில் வைத்து, உலையை அணைத்துவிட்டு அதிலேயே மெதுவாக ஆறவிட்டோம்.

ஒவ்வொரு வளையத்திலும் முதன்மைச் சுருள் 200 சுற்று, துணைச்சுருள் 200 சுற்று. முதன்மையோடு ஒரு சிறு மின்தடை தொடராக இருந்தால் அதன் மின்னழுத்தம் H-ஐ, அதாவது சுருள் தரும் காந்தமாக்கும் புலத்தை, காட்டும். துணைச்சுருளில் வருவது B மாறும் வேகம். அதை 100 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் கொண்ட தொகைச்சுற்றில் விட்டால் B கிடைக்கும். ஆஸிலோஸ்கோப்பை X-Y நிலையில் வைத்து, 50 ஹெர்ட்சில் மின்னோட்டம் கொடுத்தால் H ஏறி இறங்கும்போது B பின்தங்குவதைக் காட்டும் மூடிய கோடு, காந்தத் தயக்கக் கண்ணி, திரையில் தோன்றும். 2 ஆம்பியருக்கு H சுமார் 2,500 ஆம்பியர்/மீட்டர்.

இந்தச் சோதனையைத் தனியாகச் செய்து பார்த்த பட்டறை இளைஞர் ஒருவர் தேனிரும்பை நிராகரித்திருந்தார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, கண்ணி எதிர்பார்த்தது போல ஒல்லியாக இல்லை, எஃகின் கண்ணியைப் போலவே தடித்திருக்கிறது. இரண்டு, மின்னோட்டம் சுழியாகும் இடத்தில் தேனிரும்பில் மிஞ்சும் B, எஃகில் மிஞ்சுவதைவிட அதிகம். "மிச்சம் அதிகம் விடுற பொருளை எப்படி சார் போடறது?" என்பது அவர் கேள்வி. அவர் பார்த்த இரண்டுமே உண்மை. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

முதல் காரணம். 5 மில்லிமீட்டர் தடிமனான திண்மையான இரும்பில் 50 ஹெர்ட்ஸ் புலம் மாறும்போது, இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் ஓடும். அவை மாற்றத்தை எதிர்ப்பதால் உள்பகுதியில் B பின்தங்கும், மேல்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம்தான் புலத்தோடு ஒழுங்காக மாறும். இந்தப் பின்தங்கல் திரையில் கண்ணியின் அகலமாகத் தெரிகிறது. பொருளின் சொந்தத் தயக்கமும் சுழல் மின்னோட்டத்தின் விளைவும் ஒரே படத்தில் கலந்திருக்கின்றன. தேனிரும்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதற்கு இந்தக் கலப்பு இன்னும் அதிகம்.

ஆகவே அதே வளையங்களை 0.5 ஹெர்ட்சில் ஓட்டினோம். அந்த வேகத்தில் துணைச்சுருளில் 20 மில்லிவோல்ட்தான் வரும், சாதாரண தொகைச்சுற்று தாங்காது. பெருக்கியில் விட்டு, கணினியில் பதிவு செய்து, அங்கேயே கூட்டி B-ஐ எடுத்தோம். படம் அடியோடு மாறியது. தேனிரும்பின் கண்ணி ஒரு கோடு போல ஒடுங்கிவிட்டது. எஃகின் கண்ணி பெரிதாக ஒடுங்கவில்லை, ஏனென்றால் அதன் அகலத்தில் பெரும்பகுதி அதன் சொந்த அகலம். B-ஐச் சுழியாக்க எதிர்த்திசையில் கொடுக்க வேண்டிய H, அதாவது காந்த நீக்குத்திறன், தேனிரும்புக்குச் சுமார் 80 ஆம்பியர்/மீட்டர், எஃகுக்குச் சுமார் 700.

இரண்டாவது காரணம்தான் இந்த நிகழ்வின் மையம். மெதுவான சோதனையிலும் தேனிரும்பின் மிச்சம், காந்தத் தேக்குத்திறன், எஃகைவிடக் கூடுதலாகத்தான் வந்தது. 1.1 டெஸ்லாவுக்கு எதிரே 0.9. பாடநூல்களும் இதையேதான் சொல்கின்றன. அப்படியென்றால் தேனிரும்பு எப்படி விடும்?

வளையத்தில் இடைவெளியே இல்லை. மின்காந்தத்தில் இடைவெளி இருக்கிறது. மின்னோட்டம் நின்றதும், இடைவெளியில் புலத்தைத் தாங்கிப்பிடிக்கத் தேவையான முழு வேலையையும் இரும்பு தன் சொந்தப் பலத்தில் செய்ய வேண்டும். அதற்கு இரும்புக்குள் எதிர்த்திசையில் ஒரு H உண்டாகும், அது B-ஐக் கீழே இழுக்கும். எதிர் H-ஐ எவ்வளவு தாங்கும் என்பதுதான் நீக்குத்திறன். கணக்காக எழுதினால்

B ≤ μ₀ · Hc · l / g

Hc நீக்குத்திறன், l இரும்பின் பாதை நீளம், g மொத்த இடைவெளி. இதில் தேக்குத்திறன் வரவே இல்லை. மூடிய வளையத்தில் மட்டும் ஆட்சி செய்யும் எண் அது. இடைவெளி வந்துவிட்டால் நீக்குத்திறன்தான் தீர்மானிக்கிறது.

நம் அளவுகளைப் போட்டால்: l 0.2 மீட்டர், இரு முகத்திலும் 0.2 மில்லிமீட்டர் ஷிம், ஆக g 0.4 மில்லிமீட்டர். எஃகுக்கு உச்சவரம்பு 0.44 டெஸ்லா வருகிறது, அளந்த 0.3 அதற்குள் அடங்குகிறது. தேனிரும்புக்கு 0.05 டெஸ்லா. தகட்டை விட வேண்டிய 0.06 எல்லைக்குக் கீழே, உச்சவரம்பிலேயே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எஃகையே வைத்துக்கொண்டு ஷிம்மைத் தடிமனாக்கினால் என்ன என்று மேற்பார்வையாளர் கேட்டார். அதே சூத்திரத்தில், எஃகுக்கு 0.06-க்கு இறங்க முகத்துக்கு 1.5 மில்லிமீட்டர் ஷிம் வேண்டும். அப்போது மின்சாரம் இருக்கும்போதும் இழுவிசை சுமார் 5 நியூட்டனாகச் சரிந்துவிடும். தகட்டின் எடைக்கு இது தாராளம்தான். ஆனால் எண்ணெய் பூசிய அடுக்கிலிருந்து மேல் தகட்டைப் பிரிக்க இது போதவில்லை. செய்து பார்த்ததில் தகடு பாதி தூக்கிவிட்டு நழுவியது.

மின்சாரம் நிற்கும்போது சிறிது எதிர்மின்னோட்டம் கொடுப்பது இன்னொரு வழி. அது வேலை செய்தது, ஆனால் சரியான அளவுக்குள் மட்டும். குறைந்தால் விடவில்லை, கூடினால் எதிர்த்திசையில் காந்தமாகி மறுபடி பிடித்தது. சுருள் சூடேறி மின்தடை மாறும்போது அந்தச் சரியான அளவும் நகர்ந்தது. பொருளைத் திருத்தினால் தீரும் குறையை மின்சுற்றால் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதனால் இது ஒதுக்கப்பட்டது.

முடிவு: தேனிரும்பு உள்ளகம், 0.2 மில்லிமீட்டர் பித்தளை ஷிம். முகம் தேயும் என்ற பழைய கவலையையும் ஷிம்மே தீர்த்துவிடுகிறது. தேய்வது இனி பித்தளைதான், மாற்றுவது எளிது.

ஒரு நிபந்தனை மட்டும் கறாராக வைத்தோம். வளைத்து, கடைந்து, துளையிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் அனீல். குளிர்நிலையில் வளைக்கும்போது படிகங்களுக்குள் குலைவுகள் பெருகும். டொமைன் சுவர்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளும், நீக்குத்திறன் ஏறிவிடும். அனீல் செய்த கம்பியை வாங்கி வந்து U-வாக வளைத்தால், வளைவுகளில் அது பாதி எஃகு போலவே நடந்துகொள்ளும். எஃகில் கார்பைடு துகள்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அனீலால் குலைவுகள் நீங்கும், கார்பைடு நீங்காது. எஃகு U-வை அனீல் செய்து சமாளிக்க முடியாததன் காரணமும் அதுதான்.

விளைவு

புதிய உள்ளகத்தில் ஹால் உணரி 0.03 டெஸ்லா அளவைக் காட்டியது. அது தரும் விசை தகட்டின் எடையில் கால்பங்கு. மின்சாரம் நின்ற கணத்தில் தகடு விழுந்தது. இழுவிசை 80 நியூட்டனுக்குக் குறையவில்லை. மரக்குச்சியை ஆபரேட்டர் சில நாள் பக்கத்திலேயே வைத்திருந்தார், பிறகு காணோம்.

தகடுகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டுவது குறைந்ததே தவிர முழுவதும் போகவில்லை. அது தகடுகளின் சொந்த மிச்சம். உள்ளகத்தை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. அச்சு இயந்திரத்துக்கு அது இடைஞ்சலாக இல்லாததால் அப்படியே விடப்பட்டது.

தொடர்ந்து வந்த மின்மாற்றிக் கேள்வி

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது ஜிக்குக்கு 230/24 வோல்ட், 100 VA மின்மாற்றி ஒன்று தேவைப்பட்டது. மீதித் தேனிரும்பு நிறைய இருந்தது. "மின்காந்தத்துக்கும் மின்மாற்றிக்கும் தேனிரும்புதான் உள்ளகம்னு பள்ளியிலேயே படிச்சிருக்கோமே" என்றார் மேற்பார்வையாளர். 25 மில்லிமீட்டர் சதுரக் கட்டைகளைச் செவ்வகமாகச் சேர்த்து, அனீல் செய்து, 1.2 டெஸ்லாவுக்கு ஏற்ற கணக்கில் சுமார் 1,400 சுற்று முதன்மைச் சுருள் போட்டு மாதிரி ஒன்று செய்தார்கள்.

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெதுவாக ஏற்றினோம். 60 வோல்ட்டைத் தொடும்போதே, எந்தச் சுமையும் இல்லாமல், முதன்மைச் சுருள் 0.45 ஆம்பியருக்கு மேல் எடுத்தது. 100 VA மின்மாற்றி முழுச்சுமையில் எடுக்க வேண்டிய மின்னோட்டம் அது. வாட்மீட்டர் 20 வாட்டைத் தாண்டியிருந்தது, உள்ளகம் வெதுவெதுப்பாகத் தொடங்கியிருந்தது. அதற்கு மேல் ஏற்றவில்லை.

அப்புறம் அந்தப் பழைய 50 ஹெர்ட்ஸ் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். மின்காந்தத்துக்கு ஒவ்வாது என்று ஒதுக்கிய அதே தடித்த கண்ணிதான் மின்மாற்றிக்குப் படிக்க வேண்டிய படம். கண்ணியின் பரப்பு, ஒரு சுற்றுக்கு ஒரு கன மீட்டரில் வெப்பமாகப் போகும் ஆற்றல். நேர்மின்னோட்ட மின்காந்தம் அந்தக் கண்ணியைத் தகட்டுக்கு ஒருமுறை கடக்கிறது. மின்மாற்றி வினாடிக்கு 50 முறை கடக்கிறது.

எண்ணாகப் பார்த்தால், தேனிரும்பின் சொந்தத் தயக்க இழப்பு பெரிதில்லை. கண்ணியைச் செவ்வகமாக எடுத்து மிகைப்படுத்தினாலும், 4 × 80 × 1.2 ஜூல், 50 ஹெர்ட்சில் கிலோவுக்கு இரண்டரை வாட்டுக்குள். மிச்சமெல்லாம் சுழல் மின்னோட்டம். அதைக் குறைக்க இரண்டே வழி. உள்ளகத்தை மெல்லிய, ஒன்றிலிருந்து ஒன்று காப்பிடப்பட்ட தகடுகளாகப் பிரிப்பது; இரும்பின் மின்தடையை ஏற்றுவது. மெல்லிய தகட்டில் இந்த இழப்பு தடிமனின் இருமடிக்கு ஏற்பக் குறையும். சுமார் 3 விழுக்காடு சிலிக்கான் சேர்த்தால் இரும்பின் மின்தடைத்திறன் நான்கு மடங்குக்கு மேல் ஏறும். 0.5 மில்லிமீட்டர் சிலிக்கான் எஃகுத் தகட்டில், 1.2 டெஸ்லாவில், சுழல் மின்னோட்ட இழப்பு கணக்குப்படி கிலோவுக்கு அரை வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அதே அளவில் E, I வடிவில் வெட்டிய சிலிக்கான் எஃகுத் தகடுகளில் செய்த மின்மாற்றி முழு 230 வோல்ட்டில், சுமையின்றி, 5 வாட்டுக்குக் கீழே எடுத்தது.

"எஃகு" என்ற பெயர் இங்கே குழப்பியது. முதலில் கழித்த கார்பன் எஃகும் இப்போது எடுத்த சிலிக்கான் எஃகும் காந்தவியலில் எதிரெதிர்த் துருவங்கள். கார்பன் சுவர்களைச் சிக்கவைக்கிறது, சிலிக்கான் அப்படிச் செய்வதில்லை. "சிலிக்கான் எஃகு அவ்வளவு நல்லதென்றால் மின்காந்தத்துக்கும் அதையே போடலாமே" என்ற கேள்வியும் வந்தது. போடலாம், நன்றாகவே விடும். ஆனால் தகடுகளை அடுக்கி, ரிவெட் அடித்து, முகத்தைச் சமமாகத் தேய்க்கும் வேலை எல்லாம் சுழல் மின்னோட்டத்தைத் தடுக்க. நேர்மின்னோட்டத்தில் அது இல்லாதபோது அந்த வேலை தேவையில்லை. சிலிக்கான் சேர்ப்பதால் உச்சப் புலமும் கொஞ்சம் குறையும். சுவிட்ச் வேகமாகப் போட்டு எடுக்கும் ஜிக் என்றால் மட்டும் கணக்கு மாறும், அங்கே திண்மையான உள்ளகத்தில் சுழல் மின்னோட்டமே விடுவதைத் தாமதப்படுத்தும்.

மாற்றியவை

வரைபடத்தில் "இரும்பு" என்ற சொல் எடுக்கப்பட்டது. மின்காந்த உள்ளகத்துக்கு, தேனிரும்பு, எல்லா வேலையும் முடிந்த பின் அனீல், நீக்குத்திறன் 100 ஆம்பியர்/மீட்டருக்குள், பித்தளை ஷிம் 0.2 மில்லிமீட்டர் என்று எழுதப்பட்டது. மின்மாற்றிக்கு, தகட்டின் தடிமனும் 50 ஹெர்ட்சில் கிலோவுக்கு எத்தனை வாட் இழப்பு என்பதும். இரண்டு வரைபடத்திலும் தேக்குத்திறன் குறிப்பிடப்படவில்லை, வேண்டுமென்றே.

ஒவ்வொரு புதிய கம்பிக் கட்டுக்கும் வளையம் கடைந்து சோதிக்க முடியாது. அதற்குப் பதில், செய்து முடித்த U-வை ஒருமுறை முழு மின்னோட்டத்தில் இயக்கி, அணைத்து, ஷிம்மோடு தகட்டை வைத்து, ஸ்பிரிங் தராசால் பிரித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. தகட்டின் எடை போக 0.2 நியூட்டனுக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் அந்த U மறுபடி உலைக்குப் போகும். ஷிம் துண்டுகளை நூலில் தொங்கும் காந்தத்தில் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறார்கள்.

தகட்டின் தடிமனை 3-இலிருந்து 1.5 மில்லிமீட்டராக்கும் பேச்சு இப்போது இருக்கிறது. எடை பாதியாகிவிட்டால் விடுவதற்கான எல்லையும் 0.06-இலிருந்து 0.04 டெஸ்லாவுக்கு இறங்கும். அளந்த 0.03 அப்போதும் அதற்குள்தான், ஆனால் எண்ணெயின் ஒட்டுக்கு விட்ட இடம் சுருங்கிவிடும். மெல்லிய தகடு அதற்கு மேல் காந்தமாக முடியாமல் சீக்கிரம் தெவிட்டுவதால் இழுவிசை எப்படியும் குறையத்தான் போகிறது. ஷிம்மை 0.3 ஆக்கினால் விடுவது சரியாகும், ஆனால் இழுவிசை இன்னும் குறையலாம். எண்ணெய் அடுக்கிலிருந்து பிரிக்க அது போதுமா என்பதை, தகடு மாறும்போது அதே தராசில் அளந்து முடிவு செய்வதாக இருக்கிறது.